ஒரு பீரோவும் மூன்று பில்களும்

ஈரோட்டில் ஒரு பர்னிச்சர் கடை. அங்கே நிற்கும் இரும்பு பீரோவின் விலை 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 14,160 ரூபாய்க்கு பில் போடுகிறார் கடைக்காரர். வாங்குகிற குடும்பம் வரியாக மட்டும் 2,160 ரூபாய் கொடுக்கிறது. ஆனால், அந்த பீரோவுக்காகக் கடைக்காரர் அரசுக்கு ரொக்கமாகக் கட்டுவது 540 ரூபாய்தான். மீதி 1,620 ரூபாயை அவர் தன் பையில் போட்டுக்கொள்ளவில்லை. அது எங்கே போனது என்று தெரிய, பீரோ கடைக்கு வந்து சேர்ந்த வழியிலேயே பின்னோக்கிப் போக வேண்டும்.

பீரோவுக்கான இரும்புத் தகடு பெங்களூரில் ஒரு மொத்த வியாபாரியிடமிருந்து வந்தது. கோயம்புத்தூர் பட்டறைக்காரர் ஒருவர் அதை 5,000 ரூபாய்க்கு வாங்கினார். சரக்கு ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் போவதால், இந்த முதல் பில்லில் ஐ.ஜி.எஸ்.டி. என்ற ஒரே வரிதான் இருக்கும்: 900 ரூபாய்.

பட்டறையில் தகட்டை வெட்டி, வளைத்து, வெல்டிங் வைத்து, பெயின்ட் அடித்தார்கள். தகடு பீரோவானது. அதை ஈரோடு கடைக்கு 9,000 ரூபாய்க்கு விற்றார் பட்டறைக்காரர். விற்பவர், வாங்குபவர் இருவரும் தமிழ்நாட்டுக்குள் இருப்பதால் இரண்டாவது பில்லில் வரி இரண்டாகப் பிரிகிறது. மத்திய அரசுக்கான சி.ஜி.எஸ்.டி. 810 ரூபாய், மாநில அரசுக்கான எஸ்.ஜி.எஸ்.டி. 810 ரூபாய், ஆக மொத்தம் 1,620. மூன்றாவது பில்தான் குடும்பத்தின் கைக்கு வருவது. அதில் இரண்டு வரியும் தலா 1,080 ரூபாய்.

பட்டறைக்காரர் கடையிடமிருந்து வரியாக வாங்கியது 1,620 ரூபாய். தகடு வாங்கும்போது அவர் வரியாகக் கொடுத்தது 900 ரூபாய். இந்த 900 அவருடைய கிரெடிட் லெட்ஜரில் வரவாக நிற்கும். இதைத்தான் உள்ளீட்டு வரி வரவு என்கிறது சட்டம். கடைத்தெருவில் ‘இன்புட்’ என்பார்கள். அதைக் கழித்துக்கொண்டு 720 ரூபாயை மட்டும் அவர் ரொக்கமாகக் கட்டுகிறார். கடைக்காரரும் அப்படித்தான்: வாங்கிய வரி 2,160, ஏற்கெனவே கொடுத்த வரி 1,620, கட்ட வேண்டியது 540.

900, 720, 540 ஆகிய மூன்றையும் கூட்டினால் சரியாக 2,160 வருகிறது. பட்டறை தகட்டின் மதிப்பில் 4,000 ரூபாயைக் கூட்டியது; அதில் 18 சதவீதம் 720. கடை 3,000 ரூபாயைக் கூட்டியது. அதில் 18 சதவீதம் 540. அவரவர் கூட்டிய மதிப்புக்கு உரிய வரியை அவரவர் கட்டுகிறார்கள். ஆனால் சுமை யார் தலையிலும் தங்குவதில்லை. வரவு எடுக்க முடியாத குடும்பத்திடம் வரும்போதுதான் அது இறங்குகிறது. அதே பீரோவை ஜி.எஸ்.டி. பதிவுள்ள ஒரு நிறுவனம் தன் அலுவலகத்துக்காக வாங்கி, பில்லில் தன் பதிவு எண்ணையும் எழுதச் சொன்னால், அந்த 2,160 ரூபாய் அங்கேயும் வரவாகிவிடும்.

பெங்களூரில் வசூலான 900 ரூபாய் எந்த அரசுக்குச் சேரும் என்பது மாணவர்கள் வழக்கமாகத் தடுமாறும் இடம். ஜி.எஸ்.டி. பொருள் நுகரப்படும் இடத்துக்கு உரிய வரி. பொருள் கிளம்பிய மாநிலத்துக்கு அதில் பங்கு இல்லை. ஐ.ஜி.எஸ்.டி. முதலில் மத்திய அரசிடம் போகிறது. பட்டறைக்காரர் தன் 900 ரூபாய் ஐ.ஜி.எஸ்.டி. வரவில் 810 ரூபாயை சி.ஜி.எஸ்.டி.க்கும், மீதி 90 ரூபாயை எஸ்.ஜி.எஸ்.டி.க்கும் நேர் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த 90 ரூபாயை மத்திய அரசு தமிழ்நாட்டுக்கு மாற்றிக் கொடுத்துவிடும். அதோடு பட்டறை ரொக்கமாகக் கட்டிய 720, கடை கட்டியதில் மாநிலப் பங்கான 270 இரண்டையும் சேர்த்தால், தமிழ்நாட்டுக்கு வந்தது 1,080. குடும்பத்தின் பில்லில் எஸ்.ஜி.எஸ்.டி. என்று அச்சாகியிருக்கும் அதே தொகை. ஐ.ஜி.எஸ்.டி. வரவை இப்படி மற்ற இரண்டுக்கும் பயன்படுத்தலாம். ஆனால் சி.ஜி.எஸ்.டி. வரவைக் கொண்டு எஸ்.ஜி.எஸ்.டி. கட்ட முடியாது, எஸ்.ஜி.எஸ்.டி. வரவைக் கொண்டு சி.ஜி.எஸ்.டி.யும் கட்ட முடியாது. மத்திய அரசின் பணமும் மாநிலத்தின் பணமும் கலந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது.

நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் என்ன ஆகும்? பட்டறைக்காரர் சிறு வணிகர்களுக்கான காம்பொசிஷன் திட்டத்தில் இருக்கிறார் என்று கொள்வோம். ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடி ரூபாய்க்குள் இருக்கும் உற்பத்தியாளர், விற்றுமுதலில் 1 சதவீதம் கட்டிவிட்டு எளிதாக முடித்துக்கொள்ள வழி செய்யும் திட்டம் அது. பதிலுக்கு அவர் பில்லில் வரி போடக் கூடாது, வரவும் எடுக்கக் கூடாது. தகட்டுக்குக் கொடுத்த 900 ரூபாய் இப்போது அவருக்குச் செலவு. அந்த 1 சதவீதத்தைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தாலும், பீரோவை 9,900 ரூபாய்க்கு விற்றால்தான் அவருக்குப் பழைய லாபம் நிற்கும். கடைக்காரர் தன் 3,000 ரூபாயைக் கூட்டி 12,900 என்று விலை வைக்கிறார். அதற்கு 18 சதவீத வரி 2,322 ரூபாய். கழிக்க வரவு எதுவும் இல்லாததால் முழுவதையும் ரொக்கமாகவே கட்ட வேண்டும். குடும்பத்தின் பில் 15,222 ரூபாய்க்கு ஏறுகிறது.

கூடுதலான 1,062 ரூபாயைப் பிரித்தால் 900, 162 என்று வரும். விலைக்குள் ஒளிந்துகொண்ட பழைய வரி 900 ரூபாய்; அந்த வரியின் மேலேயே விழுந்த வரி 162 ரூபாய். 2017 ஜூலை 1-க்கு முன் இப்படி வரிக்கு மேல் வரி விழுவது சாதாரணம். ஆலையில் கட்டிய கலால் வரி விலையோடு சேர்ந்துகொள்ள, அந்தத் தொகைக்கும் சேர்த்து வாட் கணக்கிடப்பட்டது. மாநிலம் தாண்டி வாங்கும்போது கட்டிய 2 சதவீத மத்திய விற்பனை வரிக்கோ வரவே கிடையாது.

கண்ணி இன்னொரு விதத்திலும் அறும், அதுவும் சத்தமில்லாமல். பட்டறைக்காரர் முறையாக பில் போட்டு, 1,620 ரூபாயைக் கடைக்காரரிடம் வாங்கியும் விட்டார். ஆனால் அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டிய GSTR-1-இல் அந்த பில்லைக் காட்டவில்லை. 14-ஆம் தேதி கடைக்காரருக்கு GSTR-2B என்ற பட்டியல் வரும். அவருக்கு விற்றவர்கள் காட்டிய பில்கள் மட்டுமே அதில் இருக்கும். 2022 ஜனவரி முதல், அந்தப் பட்டியலில் இல்லாத பில்லுக்கு வரவு எடுக்க முடியாது. பில் கையில் இருக்கிறது, சரக்கு கடையில் நிற்கிறது, பணமும் போய்விட்டது. இருந்தும் 20-ஆம் தேதி GSTR-3B தாக்கல் செய்யும்போது, 540-க்குப் பதில் 2,160 ரூபாயைக் கடைக்காரர் கட்ட வேண்டும். பிறகு பட்டறைக்காரர் காட்டும் மாதத்தில் அந்த வரவு கிடைக்கும். ஆனால் அதற்கும் கெடு உண்டு: நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30, அல்லது அதற்கு முன்பே ஆண்டுக் கணக்கு தாக்கலானால் அந்தத் தேதி.

பில்லைக் காட்டிவிட்டு, வரி கட்டும் GSTR-3B-ஐத் தாக்கல் செய்யாமல் விடுகிறவர்களும் உண்டு. அப்போது பில் பட்டியலில் தெரியும், வரவும் கிடைக்கும். ஆனால் நிதியாண்டு முடிந்து வரும் செப்டம்பர் 30 வரை அவர் தாக்கல் செய்யாவிட்டால், கடைக்காரர் நவம்பர் 30-க்குள் அந்த வரவைத் திருப்பிக் கட்ட வேண்டும். விற்றவர் பிறகு தாக்கல் செய்தால் அதை மறுபடி எடுத்துக்கொள்ளலாம். வாங்கியவர் பக்கமும் ஒரு கடமை இருக்கிறது. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் விற்றவருக்குப் பணம் கொடுக்காவிட்டால், எடுத்த வரவைத் திருப்ப வேண்டும்.

அதனால்தான் கணக்கு எழுதுகிறவர்களுக்கு ஒவ்வொரு மாதமும் 14-க்கும் 20-க்கும் நடுவில் வேலை குவிகிறது. கொள்முதல் பதிவேட்டையும் GSTR-2B-யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பில் எண், தேதி, பதிவு எண், வரித்தொகை நான்கையும் ஒப்பிடுகிறார்கள். பொருந்தாத பில்லுக்கு உரியவரை உடனே போனில் அழைக்கிறார்கள். சில கடைகளில் பொருளின் விலையை மட்டும் முதலில் கொடுத்துவிட்டு, வரிப் பகுதியை பில் பட்டியலில் ஏறிய பிறகுதான் கொடுக்கிறார்கள்.