முடி குத்துகிறது என்றால் இமையைப் பாருங்கள்

அரூர்ப் பக்கம் வயதானவர்கள் கண்ணைப் பற்றிச் சொல்லும் குறைகளில் இரண்டை அடிக்கடி கேட்கலாம். ஒன்று, ‘கண்ணுல முடி குத்துது.’ மற்றொன்று, ‘சும்மாவே தண்ணி வடியுது.’ முதல் குறைக்கு வீட்டில் யாராவது முள்வாங்கியை எடுத்துவந்து முடியைப் பிடுங்கிவிடுவார்கள். இரண்டாவதற்கு முந்தானையோ துண்டோ போதும் என்று விட்டுவிடுவார்கள். முதியவர்களுக்கு இந்த இரண்டுமே பல நேரங்களில் ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன: தளர்ந்துபோன கீழிமையில். அது உள்பக்கம் மடங்கினால் என்ட்ரோப்பியன், வெளிப்பக்கம் பிரிந்து தொங்கினால் எக்ட்ரோப்பியன். இரண்டையும் மருந்தால் நிரந்தரமாக நேராக்க முடியாது. ஆனால் அரை மணி, முக்கால் மணி நேர அறுவை சிகிச்சையில் சரிசெய்துவிடலாம்.

கீழிமை கண்ணை ஒட்டி நிற்பதற்குக் காரணம் அதன் கட்டமைப்பு. இமைக்குள் உறுதியான நார்த்திசுத் தகடு ஒன்று இருக்கிறது. அதன் இரண்டு முனைகளும் மூக்குப் பக்கத்து எலும்பிலும் காதுப் பக்கத்து எலும்பிலும் தசைநாண்களால் கட்டப்பட்டிருக்கின்றன. கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். வருடக்கணக்கில் படுத்துப் படுத்துக் கயிறு தொய்ந்துபோகும். சட்டம் அப்படியே இருக்கும். இமையிலும் அப்படித்தான், தகடு இருக்கிறது, கட்டு தொய்ந்துவிடுகிறது. இதோடு இன்னொரு தளர்ச்சியும் சேரும். தகட்டின் கீழ்விளிம்பைக் கீழ்நோக்கிப் பிடித்து வைத்திருக்கும் மெல்லிய தசைப்படலம் வயதானால் தகட்டை விட்டுப் பிரிந்துவிடுகிறது. பிடி போனதும் தகட்டின் கீழ்விளிம்பு வெளியே பிதுங்கும், இமை விளிம்பு கண்ணை நோக்கிச் சாயும். கண்ணை மூடும் தசையும் மேலேறி விளிம்பை உள்ளே தள்ளும். இப்படி மடங்கினால் என்ட்ரோப்பியன். உள்ளே தள்ளும் விசை இல்லாமல் தொய்வு மட்டும் மிஞ்சினால் இமை தன் எடையிலேயே வெளியே விழும். அது எக்ட்ரோப்பியன்.

முடியைப் பிடுங்குவதால் ஏன் பயனில்லை என்பது இப்போது புரியும். முடி இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது, அது நிற்கும் விளிம்புதான் திரும்பிவிட்டது. பிடுங்கிய முடி ஆறு, எட்டு வாரங்களில் மறுபடி முளைக்கும். முளைக்கும்போது குட்டையாகவும் விறைப்பாகவும் இருப்பதால் முன்பைவிட அதிகமாகக் குத்தும். ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் அந்த முனைகள் கருவிழியை உரசுகின்றன.

விவசாய வேலை செய்யும் ஊரில் இந்த உரசல் சின்ன விஷயம் அல்ல. கருவிழியின் மேல்தோல் கீறப்பட்டிருக்கும்போது கரும்புச் சோகையோ நெல் உமியோ மஞ்சள் தூசியோ பட்டால் பூஞ்சைத் தொற்று உள்ளே போக வழி கிடைக்கிறது. தென்னிந்தியாவில் கருவிழிப் புண்ணுக்குப் பூஞ்சை ஒரு முக்கியக் காரணம். மருந்துக்கடையில் ‘கண் சிவந்திருக்கு’ என்று சொல்லி வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்துவிட்டால் சிவப்பு குறையும், அரிப்பும் அடங்கும், ஆனால் பூஞ்சை வளரும். ‘மருந்து கேக்குது’ என்று நம்பிப் பல நாள் ஊற்றிவிட்டு, கருவிழி வெளுத்த பிறகு வந்தால் தழும்பில்லாமல் மீட்பது கடினம். தாய்ப்பாலும் பச்சிலைச் சாறும் ஊற்றுவதும் ஆபத்தானது.

தீர்த்தமலைப் பக்கத்து எழுபது வயது மூதாட்டி ஒருவர் கண் மருத்துவரிடம் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வலது கண் ஆறு மாதமாக உறுத்துகிறது. காலையில் பரவாயில்லை, மாலையில் தாங்க முடியாது என்கிறார். மருத்துவர் பார்க்கும்போது இமை ஒழுங்காகவே நிற்கிறது! இந்த நோய் இப்படி ஏமாற்றும். தொடக்கத்தில் இமை எப்போதும் மடங்கியிருக்காது. வந்தும் போயும் இருக்கும். அதனால்தான் பலரை ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

விஷயம் தெரிந்த மருத்துவர் ‘அம்மா, கண்ணை இறுக்கி மூடுங்க, நல்லா இறுக்குங்க, இப்போ திறங்க’ என்பார். திறந்ததும் கீழிமை சுருண்டு உள்ளே போய்விடும். முடியே கண்ணுக்குத் தெரியாது. விரலால் இமையைக் கீழே இழுத்தால் முடிகள் வெளியே வரும். விட்டால் உடனே ஒட்டிக்கொள்ளாமல் தொங்கிக்கொண்டிருக்கும், இமைத்த பிறகுதான் திரும்பும். இறுக்கமான இமையாக இருந்தால் விட்ட நொடியே கண்ணில் ஒட்டியிருக்க வேண்டும். இமையைக் கண்ணிலிருந்து முன்னால் இழுத்துப் பார்க்கும் சோதனையும் உண்டு. ஆறு, எட்டு மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் தொய்வு இருக்கிறது என்று பொருள். பிறகு ஆரஞ்சு நிறச் சாயத்தைக் கண்ணில் இட்டு நீல வெளிச்சத்தில் பார்ப்பார். கருவிழியின் கீழ்ப்பகுதியில் பச்சைக் கீறல்கள் மின்னினால் முடி ஏற்கெனவே வேலையைத் தொடங்கிவிட்டது.

அறுவை சிகிச்சை நாள் வரும்வரை ஒட்டும் டேப் உதவும். கன்னத்தைக் கழுவித் துடைத்து ஈரமில்லாமல் செய்துகொண்டு, மைக்ரோபோர் டேப்பின் ஒரு முனையை முடிக்குச் சற்றுக் கீழே ஒட்டி, கன்னத்தை நோக்கிக் கீழேயும் கொஞ்சம் வெளிப்பக்கமாகவும் இழுத்து மறுமுனையை ஒட்ட வேண்டும். இமை வெளியே திரும்பி நிற்கும். மருத்துவர் தரும் மசகுச் சொட்டும் சேர்ந்தால் கருவிழி தப்பிக்கும். அறுவை செய்ய உடல் தாங்காதவர்களுக்குப் போட்டுலினம் ஊசி போடுவதும் உண்டு. அது ஏறக்குறைய மூன்று மாதம் நிற்கும்.

இமை மடங்குவதைக் கத்தியால் திருத்துவது புதிய யோசனை அல்ல. சுஸ்ருத சம்ஹிதையிலேயே முடி உள்திரும்பும் நோய்க்கு இமைத்தோலில் யவதானிய வடிவில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, மயிரால் தைக்கும் முறை இருக்கிறது. ஆனால் முதுமையில் வரும் மடிப்பில் தோலைக் குறைத்தால் மட்டும் போதாது, தொய்ந்த கட்டை இறுக்க வேண்டும். அதற்கான தெளிவான வழியை 1979இல் அமெரிக்க மருத்துவர்கள் ரிச்சர்ட் ஆண்டர்சனும் டெப்ரா கோர்டியும் வெளியிட்டார்கள். இன்றும் உலகம் முழுக்க அதுவே அடிப்படை.

நம் மூதாட்டிக்குச் செய்வதும் அதுதான். மயக்க மருந்து தேவையில்லை. கண்ணின் வெளி ஓரத்திலும் கீழிமையிலும் மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். அந்த ஊசிதான் வலிக்கும், அதன் பிறகு இழுப்பது தெரியும், வலி தெரியாது. வெளி ஓரத்தில் ஒரு சென்டிமீட்டருக்குள் வெட்டி, கீழிமையை எலும்போடு கட்டியிருக்கும் நாணை விடுவிப்பார்கள். இமைத் தகட்டின் அந்த முனையைத் தோலும் முடியும் இல்லாத சிறு பட்டையாகத் தயார் செய்து, எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அவ்வளவைக் குறைத்து, கண்குழி எலும்பின் உட்பக்க உறையில் வலுவான நூலால் தைத்துவிடுவார்கள். கட்டிலின் கால்மாட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டியாகிவிட்டது. அடுத்து, பிரிந்துபோன தசைப்படலத்தின் பிடியை மீட்க இரண்டு மூன்று தையல்களை இமையின் உள்பக்க அடிவாரத்திலிருந்து செலுத்தி முடிக்குக் கீழே தோலில் எடுத்து முடிச்சிடுவார்கள். இந்த நூல் தானாகக் கரைந்துவிடும். அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம்.

தையல் மட்டும் போட்டு அனுப்பும் முறையும் உண்டு. பத்துப் பதினைந்து நிமிடத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்குக்கூடச் செய்யலாம். ஆனால் அது நீடிக்குமா என்பதுதான் கேள்வி. பிரிட்டிஷ் மருத்துவர்கள் 2010இல் வெளியிட்ட ஒப்பீட்டில், தையல் மட்டும் போட்டவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு 18 மாதங்களுக்குள் இமை மறுபடி மடங்கியது. ஓரத்தையும் இறுக்கியவர்களில் ஒருவருக்கும் மடங்கவில்லை. உடல்நிலை இடம் கொடுத்தால் இரண்டையும் சேர்த்துச் செய்துகொள்வதே நல்லது என்பது என் முடிவு.

முதல் வாரம் இமை வீங்கி நீலம் பாரிக்கும். பயப்பட வேண்டாம், இரண்டு வாரத்தில் வடிந்துவிடும். வெளி ஓரத்தைத் தொட்டால் சில வாரங்களுக்கு வலி இருக்கும். தோல் தையலை ஒரு வாரம் போல் கழித்து எடுப்பார்கள். அதுவரை விறகடுப்புப் புகையும் களத்துத் தூசியும் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதை மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும், தாங்களாக நிறுத்தக் கூடாது. அறுவை முடிந்த இரவில் தாங்க முடியாத வலி, கண் பிதுங்கல், பார்வை மங்கல் இவற்றில் ஒன்று வந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கட்டுவது அபூர்வம்தான், ஆனால் வந்தால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

வெளியே தொங்கும் இமையின் கதை கொஞ்சம் வேறு. கண்ணீர் வடிந்து மூக்குக்குள் இறங்கும் சிறு துளை கீழிமையின் உள்முனையில் இருக்கிறது. இமை விலகியதும் அந்தத் துளை கண்ணீரைத் தொடாமல் வெளியே பார்க்கிறது. கண்ணீர் கன்னத்தில் வழிகிறது. அதைத் துண்டால் கீழ்நோக்கித் துடைத்துத் துடைத்தே இமை இன்னும் தொய்கிறது. துடைக்க வேண்டும் என்றால் மூக்கை நோக்கி, மேல்நோக்கி மென்மையாக ஒற்றி எடுங்கள். இதற்கும் பெரும்பாலும் அதே ஓர இறுக்கம்தான் சிகிச்சை. துளைக்கு அருகில் உள்பக்கத்தில் ஒரு சிறு துண்டை எடுத்துத் தைப்பதும் சேரலாம்.

எல்லாத் தொங்கலும் முதுமைத் தொய்வு அல்ல. முகவாதம் வந்தவர்களுக்குத் தசையே செயலிழந்திருக்கும். தீக்காயத் தழும்போ வெயிலில் சுருங்கிய தோலோ இமையைக் கீழே இழுத்தால் தோல் ஒட்டு தேவைப்படும், வெறும் இறுக்கம் நிற்காது. மேலிமை மடங்கினால் பழைய டிராக்கோமாத் தழும்பாக இருக்கலாம். பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இந்தியா டிராக்கோமாவை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2024 அக்டோபரில் அறிவித்தது. அந்தக் காலத் தழும்பு சில முதியவர்களின் இமையில் இன்னும் இருக்கிறது. ஒற்றைக் கண்ணில் மட்டும் இமை தடித்து, முடி உதிர்ந்து, ஆறாத புண்ணோ கட்டியோ இருந்தால் தாமதிக்க வேண்டாம். அது இமைப் புற்றுநோயாக இருக்கக்கூடும். முதலில் ஒரு துளி சதை எடுத்துச் சோதிக்க வேண்டும்.

கண்புரை அறுவைக்குத் தேதி வாங்கியிருக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. மடங்கிய இமையோடு கண்புரை அறுவை செய்தால் முடியிலும் விளிம்பிலும் இருக்கும் கிருமி கண்ணுக்குள் போகும் ஆபத்து உண்டு. அதனால் இமையை முதலில் சரிசெய்துவிட்டுத்தான் புரைக்குப் போக வேண்டும். அரூர் அரசு மருத்துவமனையிலோ ஊருக்கு வரும் கண் முகாமிலோ பாட்டியைக் காட்டும்போது, ‘இமை உள்ளே மடங்குதா, இறுக்கி மூடச் சொல்லிப் பாருங்க டாக்டர்’ என்று நீங்களே கேளுங்கள். இமை அறுவை செய்பவர் அங்கே இல்லையென்றால் தருமபுரி அல்லது சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவுக்குக் கடிதம் வாங்குங்கள். காப்பீட்டு அட்டையையும், சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.