சிவப்பு எழுத்து மட்டும் ஏன் பிசிறுகிறது?

43 அங்குல 4கே டிவியை மேசைமேல் வைத்து லேப்டாப்போடு இணைத்தால், பெரிய மானிட்டர் மலிவாகக் கிடைத்துவிட்டது என்றுதான் தோன்றும். கணக்கும் ஒத்துவருகிறது. 3840க்கு 2160 பிக்சல்கள் அந்த அகலத்தில் அடங்கும்போது ஓர் அங்குலத்துக்கு நூறு பிக்சலுக்குச் சற்று மேல் வருகிறது. அலுவலகங்களில் இருக்கும் 24 அங்குல மானிட்டரில் அது 92தான். ஆனால் எக்செல்லைத் திறந்து, நஷ்டத்தைச் சிவப்பில் காட்டும் கட்டங்களைப் பாருங்கள். எண்களின் ஓரம் பிசிறியிருக்கும். நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து என்றால் படிக்கவே முடியாது. அதே டிவியில் சினிமா போட்டால் ஒரு குறையும் தெரியாது. பேனல் மட்டம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகுமுன் வேறொன்றைப் பார்க்க வேண்டும்.

டிவி உலகம் படத்தை இரண்டாகப் பிரித்து அனுப்பும் பழக்கமுடையது: எந்தப் புள்ளி எவ்வளவு வெளிச்சம் என்பது ஒன்று, அதன் நிறம் என்ன என்பது மற்றொன்று. ஜார்ஜ் வலான்சி என்ற பிரெஞ்சுக்காரர் 1938இல் இதற்குக் காப்புரிமை கோரினார். கறுப்பு வெள்ளைப் பெட்டி வைத்திருப்பவரும் வண்ண ஒளிபரப்பைப் பார்க்க முடியவேண்டும் என்பது நோக்கம். பிரித்த பிறகு ஒரு லாபமும் கிடைத்தது. நம் கண் வெளிச்ச வேறுபாட்டை நுணுக்கமாகப் பிடிக்கும். நிற வேறுபாட்டில் அவ்வளவு கறார் இல்லை. ஆகவே நிறத்தைக் குறைத்து அனுப்பினாலும் யாருக்கும் தெரியாது. இப்படிக் குறைப்பதுதான் க்ரோமா சப்சாம்ப்ளிங்.

4:2:0 என்ற முறையில், சதுரமாக அமைந்த நான்கு பிக்சல்களுக்கு வெளிச்சம் தனித்தனி, நிறம் மட்டும் ஒன்று. 4கே திரையில் நிறத்தின் நுணுக்கம் 1920க்கு 1080 ஆகச் சுருங்கிவிடுகிறது என்று பொருள். 4:2:2 என்றால் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் இரண்டு ஒரு நிறத்தைப் பங்கிடும். 4:4:4 என்றால் பங்கீடே இல்லை. கணினி இயல்பாக அனுப்பும் RGBயும் அப்படித்தான். ப்ளூரேயும் இணையப் படங்களும் பெரும்பாலும் 4:2:0இல்தான் வருகின்றன. ஒருவரின் கன்னத்தில் நிறம் நாலு பிக்சலுக்கு ஒருமுறை மாறினால் என்ன கெட்டுவிடும்? எழுத்தின் கோடோ ஒரே பிக்சல் அகலம். அதன் நிறத்தைப் பக்கத்துப் பின்னணியோடு கலந்துவிட்டால் கோடு கரைந்துபோகிறது.

வெள்ளையில் கறுப்பு எழுத்து தப்பிவிட வேண்டும், அங்கே நிறமே இல்லையே என்று கேட்கலாம். விண்டோஸ் விடுவதில்லை. எழுத்தின் ஓரங்களை வழவழப்பாக்க ClearType என்ற உத்தியால் மெல்லிய வண்ணச் சாயலைப் பூசுகிறது. அந்தச் சாயல் 4:2:0இல் கசிந்து, கறுப்பு எழுத்தைச் சுற்றியும் லேசான அழுக்குப்போல் படியும்.

இந்த நிறக்குறைப்பு இரண்டு இடங்களில் நடக்கலாம். ஒன்று, கேபிளுக்குள் போகும்போதே. மற்றொன்று, டிவிக்குள் போய்ச் சேர்ந்த பிறகு. பெரும்பாலோர் ஒன்றைச் சரிசெய்துவிட்டு ‘மாறவே இல்லையே’ என்று கைவிடுவது இதனால்தான்.

முதலில் கேபிள். 4கே படத்தை நொடிக்கு 60 முறை, எட்டு பிட் ஆழத்தில், 4:4:4இல் அனுப்ப ஏறத்தாழ 17.8 கிகாபிட் வேகம் தேவை. எச்.டி.எம்.ஐ. 2.0 தருவது 18. மயிரிழையில் கொள்ளும். பழைய லேப்டாப்பில் இருக்கும் 1.4 துளையின் எல்லை 10.2தான், அதில் 4கே 4:4:4 வேண்டுமென்றால் 30 ஹெர்ட்ஸுக்கு இறங்கவேண்டும். 60தான் வேண்டுமென்று அடம்பிடித்தால் 4:2:0தான் கிடைக்கும், அதுவும் கிராபிக்ஸ் சிப் இடம்கொடுத்தால். நாள் முழுக்கக் கட்டுரை தட்டுகிறவருக்கு என் பரிந்துரை 30 ஹெர்ட்ஸ்தான். மவுஸ் அம்பு திக்கித் திக்கி நகரும், ஆனால் எழுத்து கூர்மையாக நிற்கும். லேப்டாப்பின் யு.எஸ்.பி. சி துளை படத்தையும் அனுப்பவல்லது என்றால், ‘4K 60Hz’ என்று தெளிவாக அச்சிட்ட அடாப்டர் வாங்கினால் இரண்டும் கிடைக்கும். வெறும் ‘4K’ என்று போட்ட மலிவு அடாப்டர்கள் பல 30இலேயே நின்றுவிடும்.

எச்.டி.ஆரை இயக்கினாலும் இதே நெருக்கடிதான். பத்து பிட் 4:4:4 அந்த 18க்குள் அடங்காது. பல கணினிகள் சொல்லாமலே 4:2:2க்கு இறங்கிவிடும். எழுத்து வேலைக்கு எச்.டி.ஆரை அணைத்துவிடுங்கள். எச்.டி.எம்.ஐ. 2.1 இரு பக்கமும் இருந்தால் இந்தக் கவலை இல்லை.

கணினியில் என்விடியா கார்டு என்றால், அதன் கன்ட்ரோல் பேனலில் ‘Output color format’ என்பதை RGB ஆகவும் ‘Output dynamic range’ என்பதை Full ஆகவும் வையுங்கள். ஏ.எம்.டி.யில் இதன் பெயர் ‘Pixel Format’. RGB அந்தப் பட்டியலிலேயே வரவில்லையென்றால் குறை பெரும்பாலும் டிவி பக்கம் இருக்கும்: அந்தத் துளைக்கு முழு வேகம் திறக்கப்படவில்லை. சாம்சங்கில் ‘Input Signal Plus’, சோனியில் ‘HDMI signal format’ என்பதன் கீழ் ‘Enhanced format’, எல்ஜியில் ‘Deep Colour’ என்ற சொல் வரும் அமைப்பு. இதை ஒவ்வொரு துளைக்கும் தனியாக இயக்கவேண்டும்.

அடுத்தது டிவியின் உள்ளே. கணினி 4:4:4 அனுப்பினாலும், படத்தை மெருகேற்றும் அதன் சிப் வேலையைக் குறைக்க நிறத்தைத் திரும்பவும் சுருக்கிவிடும். ‘இது கணினி, எதையும் தொடாதே’ என்று சொல்வதுதான் பி.சி. மோட். சாம்சங்கிலும் எல்ஜியிலும் அந்த எச்.டி.எம்.ஐ. உள்ளீட்டின் அடையாளத்தை PC என்று மாற்றினால் போதும். பெயரை மாற்றினால் படம் மாறுமா என்று சிரிப்பு வரும், மாறத்தான் செய்கிறது. சோனியில் ‘Graphics’ என்ற பட அமைப்பைத் தேர்ந்தெடுக்கவேண்டும்.

சரியாயிற்றா என்பதைக் கண்ணால் மதிப்பிடவேண்டாம், பெயின்டில் சோதிக்கலாம். விண்டோஸின் அளவை 100 சதவீதத்தில் வைத்து, ஒரு பிக்சல் அகலத்தில் சிவப்பும் நீலமும் மாறிமாறி வரும் செங்குத்துக் கோடுகள் வரைந்து, பெரிதாக்காமல் கிட்டப்போய்ப் பாருங்கள். இரு நிறமும் தனித்தனியே தெரிந்தால் 4:4:4 கிடைத்துவிட்டது. வெளிறியதும் அடர்ந்ததுமான ஊதாக் கோடுகளாகத் தெரிந்தால் எங்கோ நிறம் குறைகிறது. கிடைமட்டக் கோடுகளில் நிறம் பிரிந்து, செங்குத்தில் மட்டும் கலந்தால் அது 4:2:2. பக்கத்திலேயே கறுப்பு வெள்ளைக் கோடுகளும் வரையுங்கள். அவையும் குழம்பினால் குற்றம் நிறத்தில் இல்லை. டிவி படத்தின் விளிம்பை வெட்டி இழுத்துக் காட்டுகிறது. எல்ஜியில் ‘Just Scan’, சாம்சங்கில் ‘Fit to screen’ அதைத் தீர்க்கும். எழுத்தைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிந்தால் ‘Sharpness’ அளவைக் குறைக்கவேண்டும்.

எல்லாம் செய்தும் ஊதாவே நின்றால், அந்த மாடல் உள்ளே 4:4:4ஐக் கையாளாத மாடல் என்று கொள்ளலாம். விலை குறைந்த டிவிகளில் இது உண்டு. அப்போது விண்டோஸின் அளவை 200 சதவீதமாக்குங்கள். எழுத்துக் கோடு இரண்டு பிக்சல் தடிமன் ஆகிவிடும், நிறக்கசிவு பெருமளவு மறையும். கூடவே ClearTypeஐ அணைத்தால் கறுப்பு எழுத்தின் சாயலும் போய்விடும். திரையில் கொள்ளும் வரிகள் பாதியாகும் என்பதுதான் இதற்குக் கொடுக்கும் விலை.