கணக்கு சரி, பெட்ஷீட்டைக் காணோம்

ஆஸ்பத்திரி வார்டில் ஒரு படுக்கைக்கு ஒரு பெட்ஷீட் போதாது. ஒன்று படுக்கையில் விரித்திருக்கும், ஒன்று சலவைக்குப் போயிருக்கும், ஒன்று துவைத்து மடித்து அலமாரியில் இருக்கும், அவசரத்துக்கென்று இன்னொன்று வேண்டும். ஆகக் குறைந்தது நான்கு. பல இடங்களில் ஐந்து, ஆறு என்று வைத்துக்கொள்வார்கள். 30 படுக்கைகள் உள்ள ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். படுக்கைக்கு நான்கு வீதம் 120 பெட்ஷீட்.

தினமும் காலையில் அழுக்குத் துணி மூட்டை லாண்டரிக்குப் போகும். அதோடு ஒரு சீட்டும் போகும்: பெட்ஷீட் 42, தலையணை உறை 35, நோயாளி கவுன் 20 என்று வகைவாரியாக. மொத்தமாக 97 துணி என்று எழுதினால் பிரயோஜனமில்லை. பெட்ஷீட் இரண்டு குறைந்து, உறை இரண்டு கூடி வந்தாலும் மொத்தம் அதே 97தான். லாண்டரியில் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள். சீட்டின் ஒரு நகல் வார்டில் இருக்கும். மறுநாள் துவைத்து வந்ததை சிஸ்டர் அந்த நகலோடு ஒப்பிட்டு வாங்குவார்.

மறுநாள் பெட்ஷீட் 40தான் வந்தது என்று வையுங்கள்.

"அண்ணே, நாப்பத்திரெண்டு அனுப்பினேன், நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"ஆமாம் சிஸ்டர், வந்தது நாப்பத்திரெண்டுதான். கட்டு பிரிக்கிற இடத்துல மாறியிருக்கும், பார்க்கிறேன்."

லாண்டரி வாங்கும்போதே 40 என்று எழுதியிருந்தால் தவறு வார்டிலோ வழியிலோ நடந்திருக்கும். 42 என்று வாங்கி 40 தந்திருப்பதால் தேட வேண்டிய இடம் லாண்டரிதான். அங்கே கட்டுக்குப் பத்து என்று கட்டுகிறார்கள். பெண்கள் வார்டு அனுப்பியது 38. அதற்கு நான்கு முழுக் கட்டுகள் போயிருக்கின்றன. இரண்டு கூடுதலாக வந்ததைப் பற்றி அந்த வார்டு வாய் திறக்கவில்லை. குறைந்தால் சண்டை போடுகிறவர்கள் கூடினால் பேசாமல் அலமாரியில் அடுக்கிவிடுவார்கள். கூடுதலையும் சீட்டில் எழுத வேண்டும் என்ற ஒரு விதி இருந்தால் பாதித் தேடல் மிச்சம்.

இதை அன்றே கேட்டதால் கட்டியவருக்கு நினைவிருந்தது. மாதக் கடைசியில் ஸ்டாக் எடுக்கும்போது "எட்டு குறைகிறது" என்று தெரிந்தால் யாரைப் போய்க் கேட்பது? அதனால் வராத இரண்டையும் "பாக்கி 2" என்று அடுத்த நாள் சீட்டின் தலைப்பிலேயே எழுதி, வரும்வரை இழுத்துக்கொண்டே போக வேண்டும்.

இதைவிடக் கண்ணில் படாத இழப்பு ஒன்று உண்டு. அடுத்த திங்கள் வாக்கில் பாக்கி தீர்ந்துவிட்டது, எல்லாச் சீட்டும் டேலி. ஆனால் வார்டில் எண்ணினால் படுக்கையில் 30, அலமாரியில் 45, லாண்டரியில் 42. கூட்டினால் 117. மூன்றைக் காணோம். சீட்டு, மூட்டைக்குள் விழுந்த துணியை மட்டும்தான் அறியும். மூட்டைக்கே வராமல் போனது அதில் தெரியாது. வாரத்துக்கு ஒருமுறை இந்த மூன்று எண்ணையும் கூட்டிப் பார்த்தால்தான் பிடிபடும்.

எங்கே தேடுவது? நோயாளிகளை மாற்றிய ரிஜிஸ்டரில். அந்த வாரம் இரண்டு பேர் ஐ.சி.யு.வுக்குப் போனார்கள், ஒருவர் ராத்திரியில் ஆம்புலன்ஸில் வேறு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். நோயாளியைத் தூக்கும்போது விரித்திருக்கும் பெட்ஷீட்டோடுதான் தூக்குகிறார்கள். ஐ.சி.யு.வுக்குப் போன இரண்டும் அவர்கள் மூட்டையில் சேர்ந்து, துவைத்து அவர்களுக்கே திரும்பிப் போயிருக்கும். துணியில் அழியாத மையால் வார்டு பெயர் போட்டிருந்தால் மீட்டுவிடலாம். ஆம்புலன்ஸில் போனது போனதுதான். அதை அன்றே காரணத்தோடு எழுதிக் கழிப்பதே மரியாதை.

எண்ணுவதிலும் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. இரத்தம், மலம், சீழ் பட்ட துணியைத் தரையில் கொட்டி, உதறி எண்ணக் கூடாது. படுக்கையிலிருந்து எடுக்கும்போதே எண்ணியபடி நேராகத் தனிப் பையில் போட்டு, வாயைக் கட்டி, எண்ணிக்கையைப் பையின் அட்டையில் எழுதுவார்கள். லாண்டரி அந்தப் பையை அட்டையை நம்பித்தான் வாங்கும். துவைத்த பிறகே எண்ணும். ஆகவே இந்தத் துணிகளில் வித்தியாசம் வந்தால் தவறு வார்டினுடையதா லாண்டரியினுடையதா என்று சீட்டை வைத்துச் சொல்ல முடியாது. எடை போட்டு வாங்கினால் தீராதா என்பார்கள். ஈரத் துணிக்கு எடை கூடும், ஒரு கிலோவில் எத்தனை உறை, எத்தனை கவுன் என்பதும் அதில் தெரியாது. வெளி ஒப்பந்தக்காரருக்குக் கூலி கொடுக்க அது உதவும், அவ்வளவே.

கடைசியாகக் கிழிசல். லாண்டரியில் கிழிந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டால் வார்டுக் கணக்கில் அது காணாமல் போன துணியாகிவிடும். வார்டில் யாராவது அதையே தரை துடைக்க எடுத்துக்கொண்டாலும் அப்படித்தான். கிழிந்ததைக் கிழிசலாகவே திருப்பி அனுப்பி, எண்ணிக் கண்டம் செய்து, அத்தனை புதிய துணி வார்டுக்குக் கொடுத்தால்தான் 120 என்ற எண் அடுத்த வாரமும் நிற்கும். புதியது வராது என்ற அனுபவம் இருந்தால் எந்த சிஸ்டரும் கிழிசலைத் தர மாட்டார். நல்லதில் நாலைந்தை பீரோவில் பூட்டியும் வைப்பார்.