படம் முந்தி, பாட்டு பிந்தி

சபாவின் பின்வரிசையில் கேமராவை வைத்துக் கச்சேரியைப் பதிவு செய்தால், பாட்டோடு மின்விசிறிச் சத்தமும் இருமலும் சேர்ந்தே வரும். அதனால்தான் பாடகருக்குப் பக்கத்தில் தனியாக ஒரு ரெக்கார்டர் வைக்கிறார்கள். ஆனால் இரண்டு கருவிகளும் ஒரே நொடியில் ஓடத் தொடங்குவதில்லை. அந்த இடைவெளியைக் காதால் குத்துமதிப்பாகச் சரிசெய்வதைவிட, அளந்துவிடுவது சுலபம்.

அளக்க, இரண்டிலும் பதிந்த ஒரு கூர்மையான சத்தம் வேண்டும். இரண்டும் ஓடத் தொடங்கியபின் மேடையில் ஒருவர் ஒரு தடவை ஓங்கிக் கைதட்டினால் போதும். தட்ட மறந்திருந்தால், கை தெளிவாகத் தெரியும் ஒரு மிருதங்கத் தட்டு உதவும். வீடியோவை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி, உள்ளங்கைகள் சேரும் ஃபிரேமைப் பிடியுங்கள். அது 12.48-ஆவது நொடி என்று வைத்துக்கொள்வோம். ஒலிக்கோப்பை ஆடாசிட்டியில் திறந்தால், அதே தட்டு ஊசிபோல் எழும்பி நிற்கும், அது 9.13-இல். வித்தியாசம் 3.35 நொடி. ஒலியை அவ்வளவு தாமதப்படுத்த வேண்டும்:

```
ffmpeg -i video.mp4 -itsoffset 3.35 -i audio.wav -map 0:v -map 1:a -c:v copy -c:a aac out.mp4
```

தாமத எண் அது எந்தக் கோப்புக்கோ அதற்கு முன்னால் வர வேண்டும். ஒலியில் தட்டு பிந்தி வந்திருந்தால் தாமதம் உதவாது. `-itsoffset` இருக்கும் இடத்தில் `-ss` போட்டு, அதிகப்படியான நொடிகளை ஒலியின் தொடக்கத்தில் வெட்டிவிட வேண்டும்.

பலர் படத்தைப் பார்க்காமல், கேமராவில் பதிந்த ஒலியோடு ரெக்கார்டர் ஒலியைப் பொருத்துகிறார்கள். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். கேமரா 12 மீட்டர் தள்ளி இருந்தால் தட்டுச் சத்தம் 35 மில்லிநொடி பிந்தியே அதை எட்டும். நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் படத்தில் ஏறக்குறைய ஒரு ஃபிரேம். இந்த அளவு பிந்தினால் யாருக்கும் தெரியாது. ஒலி பிந்தினால் சுமார் 125 மில்லிநொடிவரை கண் கண்டுகொள்ளாது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. முந்தினாலோ 45-லேயே உறுத்தத் தொடங்கிவிடும். ஆகவே சந்தேகம் வந்தால் ஒலியைச் சற்றுப் பிந்தவிடுவதே மேல்.

தொடக்கம் பொருந்தியதும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடக் கூடாது. இரண்டு கருவிகளின் கடிகாரங்களும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. கச்சேரி முடிவிலும் ஒரு கைதட்டல் வேண்டும். இரண்டு தட்டுகளுக்கும் நடுவே படத்தில் 7200 நொடியும் ஒலியில் 7200.36 நொடியும் இருந்தால், மங்களம் பாடும்போது உதட்டசைவைவிடக் குரல் மூன்றில் ஒரு பங்கு நொடிக்கும் மேல் பின்தங்கியிருக்கும். எந்த ஒற்றைத் தாமத எண்ணும் இதைத் தீர்க்காது. 7200.36-ஐ 7200-ஆல் வகுத்தால் 1.00005. முதலில் ஒலியை அந்த அளவுக்கு வேகப்படுத்துங்கள்:

```
ffmpeg -i audio.wav -af atempo=1.00005 audio2.wav
```

பிறகு புதிய கோப்பில் முதல் தட்டை மறுபடி அளந்து, தாமதத்தைக் கொடுங்கள். கடைசித் தட்டில் கைகள் சேரும் ஃபிரேமிலேயே சத்தமும் விழுகிறதா என்று பார்த்துவிட்டுக் கோப்பைச் சேமிக்கலாம்.