அறுபது கிணறுகளும் ஒரு முடிவுரையும்

முனைவர் பட்ட ஆய்வேடு கைக்கு வந்ததும் பல தேர்வாளர்கள் பொருளடக்கத்தை ஒரு முறை புரட்டிவிட்டு நேரே முடிவுரைக்குப் போய்விடுவார்கள். இத்தனை ஆண்டு உழைப்பில் என்ன கிடைத்தது என்பதை ஆய்வாளரே சொல்லும் இடம் அதுதான். ஆனால் ஆய்வேட்டிலேயே மிக அவசரமாக எழுதப்படுவதும் அந்த இயல்தான். ஒப்படைக்கும் தேதி நெருங்கியிருக்கும், நெறியாளர் கையெழுத்துக்குக் காத்திருப்பார். முந்தைய இயல்களின் கடைசிப் பத்திகளை எடுத்து ஒட்டி, தலைப்பகுதியில் கொஞ்சம் பெருமிதமும் கடைசியில் கொஞ்சம் பணிவும் சேர்த்துவிட்டால் முடிவுரை தயாராகிவிடும். வாய்மொழித் தேர்வில் கடினமான கேள்விகள் கிளம்புவது பெரும்பாலும் அந்த இரண்டு இடங்களிலிருந்துதான்.

இதைத் திருத்தி எழுதும் முறையை ஒரு உதாரணத்தைக் கொண்டு பார்க்கலாம். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த பகுதியாகத் தருமபுரி மாவட்டம் நெடுங்காலமாக அறியப்பட்டது. அங்கே ஒரு ஒன்றியத்தில் ஒருவர் ஆய்வு செய்ததாக வைத்துக்கொள்வோம். இனி வரும் எண்களெல்லாம் விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்டவை. அவர் 60 கிணறுகளிலிருந்து கோடையில் நீர் எடுத்து அளந்தார். குடிநீருக்கான இந்தியத் தர அளவின்படி, வேறு நீர் கிடைக்காத நிலையில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் ஃபுளோரைடு வரை ஏற்கலாம். அவர் அளந்ததில் 24 கிணறுகள் அந்த வரம்பைத் தாண்டியிருந்தன. 36 ஆழ்துளைக் கிணறுகளில் 20 தாண்டியிருந்தன, 24 திறந்த கிணறுகளில் 4 தாண்டியிருந்தன. நல்ல, பயனுள்ள முடிவு. ஆனால் அவருடைய முடிவுரையின் முதல் வரைவு இப்படி இருக்கிறது:

“இவ்வாய்வு தருமபுரி மாவட்ட நிலத்தடி நீரின் ஃபுளோரைடு நிலையை முதன்முறையாக முழுமையாக வெளிக்கொணர்ந்துள்ளது. 40 விழுக்காடு கிணறுகள் குடிக்கத் தகுதியற்றவை என்பதும், ஆழம் கூடக் கூட ஃபுளோரைடு மிகுகிறது என்பதும், இதனால் மக்கள் பல், எலும்பு நோய்களுக்கு ஆளாகின்றனர் என்பதும் ஐயத்திற்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டுள்ளன. கால அவகாசமும் நிதியும் போதாமை இவ்வாய்வின் வரம்புகளாகும்.”

இதில் பொய் என்று ஒன்றைச் சுட்டிக்காட்டுவது கடினம். இருந்தாலும் ஏறக்குறைய ஒவ்வொரு சொற்றொடரும் ஆய்வாளரிடம் உள்ள தரவைவிட ஒரு படி மேலே நிற்கிறது. திருத்தத்தை நடையில் தொடங்கினால் இது பிடிபடாது. பென்சில் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கூற்றுக்கும் எதிரே ஓரத்தில் அதற்கு ஆதாரமான அட்டவணையின் எண்ணையோ பக்க எண்ணையோ எழுதிக்கொண்டே வர வேண்டும். நான் பரிந்துரைக்கும் முதல் வேலை எப்போதும் இதுதான். எண் எழுத முடியாமல் கை நிற்கும் இடமெல்லாம் திருத்த வேண்டிய இடம்.

நம் ஆய்வாளரின் கை முதலில் “மக்கள் நோய்க்கு ஆளாகின்றனர்” என்ற இடத்தில் நிற்கும். அவர் நீரை அளந்தாரே தவிர, யாருடைய பல்லையும் பார்க்கவில்லை. மிகையான ஃபுளோரைடு பற்களையும் எலும்புகளையும் பாதிக்கும் என்பது மருத்துவம் அறிந்த உண்மை. ஆனால் அதைக் கண்டறிந்தவர்கள் வேறு ஆய்வாளர்கள். அது முன்னுரையில், இந்த ஆய்வு ஏன் தேவை என்று சொல்லும் பகுதியில் இருக்க வேண்டியது. முடிவுரைக்கு வந்ததும் அது தன் கண்டுபிடிப்பின் உடையைப் போட்டுக்கொண்டுவிட்டது. ஆய்வேடுகளில் நான் மிக அதிகமாகக் காணும் பிழை இது. ஆய்வாளர் தெரிந்து செய்வதில்லை, ஆண்டுக்கணக்கில் படித்ததும் தானே அளந்ததும் மனத்தில் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

அடுத்து, “40 விழுக்காடு கிணறுகள்”. இதற்கு அட்டவணை இருக்கிறது, கணக்கும் சரி. ஆனால் எதில் 40 விழுக்காடு? அவர் அளந்த அறுபதில்தான். அந்த அறுபதும் குலுக்கல் முறையில் எடுக்கப்பட்டவை அல்ல. சாலையோரத்தில் இருந்தவை, ஊராட்சி அனுமதி தந்தவை, உரிமையாளர் சம்மதித்தவை. தண்ணீர் சரியில்லை என்று ஏற்கெனவே சந்தேகப்பட்டவர்கள் “எங்க கிணத்தையும் பாருங்க சார்” என்று முன்வந்திருந்தால், உண்மை நிலவரத்தைவிட விழுக்காடு கூடுதலாகவே கிடைத்திருக்கும். ஆக, “60 கிணறுகளில் 24” என்று சொல்லலாம். ஒன்றியத்தின் கிணறுகளில் 40 விழுக்காடு என்றோ, மாவட்டத்தில் 40 விழுக்காடு என்றோ சொல்ல வழியில்லை.

ஆழ்துளைக் கிணற்றுக்கும் திறந்த கிணற்றுக்கும் உள்ள வேறுபாட்டை இந்தக் குறை அந்த அளவுக்குத் தாக்குவதில்லை. இரண்டு வகைக் கிணறுகளும் ஒரே விதமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால், சந்தேகப்பட்டு முன்வந்தவர்கள் இரண்டு பக்கமும் இருப்பார்கள். ஒரு வரம்பு எந்தக் கூற்றை வலுவிழக்கச் செய்கிறது, எதை அவ்வளவாகத் தொடவில்லை என்று பிரித்துச் சொல்வதுதான் வரம்புகள் பகுதியின் வேலை. “நிதி போதவில்லை” என்பது ஆய்வாளரின் சிரமத்தைச் சொல்கிறது. அந்தச் சிரமத்தால் எந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் வாசகருக்கு வேண்டும். நிதி இல்லாததால் கோடையில் ஒரு முறை மட்டுமே நீர் எடுக்க முடிந்தது என்றால், “கோடையில் மட்டும்” என்பதே எழுத வேண்டிய வரம்பு.

அதையும் ஒரு வரியில் முடித்துவிடக் கூடாது. கோடை நீர் முடிவை எந்தப் பக்கம் சாய்த்திருக்கும்? வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு மழைநீர் முதலில் எட்டுவது ஆழமில்லாத திறந்த கிணறுகளை. அங்கே ஃபுளோரைடு நீர்த்துப்போனால், இரண்டு வகைக் கிணறுகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு கோடையில் கண்டதைவிடக் கூடும். மாறாக, இறங்கும் நீர் மண்ணிலும் பாறையிலும் உள்ள ஃபுளோரைடைக் கரைத்துக்கொண்டு போனால் அது குறையவும் கூடும். இரண்டில் எது நடக்கிறது என்பது மழைக்குப் பின் அதே கிணறுகளில் மறுபடி அளந்தால் மட்டுமே தெரியும். இப்படி எழுதிவிட்டால், எதிர்கால ஆய்வுக்கான பரிந்துரை தானாகவே வந்துவிடுகிறது. “இத்துறையில் மேலும் ஆய்வுகள் தேவை” என்ற வழக்கமான வரிக்கு அங்கே இடமே இருக்காது.

சில வரம்புகளை அங்கேயே ஒரு சிறு கணக்கால் சோதித்துவிடலாம். அளவிடும் கருவியில் சிறு பிழை இருக்கத்தான் செய்யும். 1.5-க்கு மிக அருகில், 1.4-க்கும் 1.6-க்கும் இடையில், மூன்று கிணறுகள் இருக்கின்றன என்று கொள்வோம். மூன்றும் ஆழ்துளைக் கிணறுகள். அவற்றில் இரண்டு இப்போது தாண்டியவற்றில் சேர்ந்திருக்கின்றன, ஒன்று சேரவில்லை. மூன்றையும் கோட்டுக்குக் கீழே தள்ளினால் 36-இல் 18, மேலே ஏற்றினால் 21. எப்படிப் பார்த்தாலும் திறந்த கிணறுகளில் 24-இல் 4 என்பதற்கு அது எங்கோ மேலேதான் இருக்கிறது. “கருவிப் பிழை இருக்க வாய்ப்புண்டு” என்று பொதுவாக எழுதிவைப்பதைவிட இந்தக் கணக்கு ஆய்வாளருக்கு எவ்வளவோ பலம் தருகிறது.

நிதானமாக எழுதச் சொன்னால் சிலர் மறு எல்லைக்குப் போய்விடுகிறார்கள். “ஓரளவு கூடுதலாக இருக்கக்கூடும் என்று எண்ணத் தோன்றுகிறது எனலாம்” என்ற வகை வாக்கியங்கள் ஆய்வேடுகளில் குவிந்து கிடக்கின்றன. அளந்த எண்ணுக்கு எதற்கு இத்தனை தயக்கம்? 36-இல் 20 என்பது கண்ட உண்மை, அதை “இருந்தது” என்று நேராகச் சொல்ல வேண்டும். ஐயம் வர வேண்டிய இடம் காரணம் சொல்லும்போது. ஆழத்தில் உள்ள நீர் கடினப் பாறையோடு நீண்ட காலம் தொடர்பில் இருந்து, அதன் கனிமங்களிலிருந்து ஃபுளோரைடைக் கரைத்துக்கொள்கிறது என்பது நியாயமான விளக்கம். ஆனால் அவர் நீரின் வயதை அளக்கவில்லை. ஆழ்துளைக் கிணறுகள் இருக்கும் இடங்களின் பாறை வகையே வேறாகவும் இருக்கலாம். எனவே அங்கே “இருக்கலாம்” வேண்டும், ஒரே ஒரு முறை.

“முதன்முறையாக” என்ற சொல்லை நான் கண்டால் பென்சிலால் வட்டமிட்டுவிடுவேன். எங்கே, எப்போது தேடினீர்கள் என்று கேட்டால் பதில் வேண்டும். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கான ஷோத்கங்கா தளத்திலும் இன்னின்ன ஆய்விதழ்களிலும் இந்த மாதம் வரை தேடினேன், இந்த ஒன்றியத்தில் கிணற்று வகைவாரியாகப் பிரித்த அளவீடு எதுவும் கிடைக்கவில்லை என்று எழுதினால் போதும். நாளை ஒரு பழைய கட்டுரை அகப்பட்டாலும் அந்த வாக்கியம் உண்மையாகவே நிற்கும்.

இதற்கெல்லாம் பிறகு அந்தப் பத்தி இப்படி வரும்:

“ஒன்றியத்தின் 60 கிணறுகளில் கோடையில் எடுத்த நீரை அளந்ததில், 24 கிணறுகளில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. இவற்றில் 20 ஆழ்துளைக் கிணறுகள் (36-இல்), 4 திறந்த கிணறுகள் (24-இல்). கருவிப் பிழையைக் கணக்கில் எடுத்தாலும் இந்த வேறுபாடு நிலைக்கிறது. ஆழத்து நீர் பாறையோடு நீண்ட காலம் தொடர்பில் இருப்பது இதற்குக் காரணமாக இருக்கலாம். நீரின் வயது அளக்கப்படாததால் இதை உறுதிசெய்ய இயலவில்லை. கிணறுகள் உரிமையாளரின் இசைவைப் பொறுத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. எனவே ஒன்றியம் முழுவதற்குமான விழுக்காட்டை இவ்வாய்விலிருந்து பெற முடியாது.”

முதல் வரைவைவிட இது அடக்கமாகத் தெரியும். ஆனால் புறத் தேர்வாளர் எந்த வரியைத் தொட்டுக் கேட்டாலும் ஆய்வாளரிடம் பதில் இருக்கிறது. ஊராட்சித் தலைவர் ஒருவர் படித்தாலும், முதலில் எந்த வகைக் கிணற்று நீரைச் சோதிக்கக் கொடுப்பது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

குறைகளை வெளிப்படையாகச் சொன்னால் மதிப்பெண் குறையுமோ என்ற அச்சம் மாணவர்களிடம் நிறைய இருக்கிறது. 1859-இல் டார்வின் வெளியிட்ட ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலைப் பார்க்கலாம். தன் கொள்கைக்கு எதிரான சிக்கல்களுக்கென்றே அதில் ஒரு தனி இயலை ஒதுக்கினார். தொகுப்பும் முடிவுமாக அமைந்த கடைசி இயலிலும் முதலில் அந்தச் சிக்கல்களைத்தான் வரிசைப்படுத்தினார், ஆதரவான சான்றுகள் அவற்றுக்குப் பிறகே வருகின்றன. மனிதனின் தோற்றத்தைப் பற்றி அந்த முடிவுரையில் ஒரே ஒரு குறிப்போடு நிறுத்திக்கொண்டார். அதை விரித்து எழுதியது 1871-இல், தனி நூலாக.

முடிவுரையைத் திருத்திய கையோடு ஆய்வுச் சுருக்கத்தையும் திறந்து பார்க்க வேண்டும். “ஐயத்திற்கு இடமின்றி” என்பது அங்கே இன்னும் உட்கார்ந்திருக்கும். பல தேர்வாளர்கள் இரண்டையும் அருகருகே வைத்துத்தான் படிப்பார்கள். முன்னுரையில் எழுப்பிய ஆய்வுக் கேள்விகளுக்கு அதே வரிசையில் முடிவுரையில் பதில் இருக்கிறதா, விடை கிடைக்காத கேள்வி ஏதாவது சத்தமில்லாமல் விடுபட்டிருக்கிறதா என்பதையும் ஒத்துப் பார்க்க வேண்டும். ஆய்வேட்டுத் தலைப்பில் “தருமபுரி மாவட்டம்” என்று பதிவாகியிருந்தால், கடைசி நேரத்தில் அதை மாற்றுவது எளிதல்ல. ஆய்வு ஒரே ஒன்றியத்தின் 60 கிணறுகளில் நடந்தது என்பதை முன்னுரையின் முதல் பக்கத்திலும் சுருக்கத்தின் முதல் வரியிலும் முடிவுரையின் முதல் வாக்கியத்திலும் எழுதிவிட வேண்டும்.