சிறப்பு விருந்தினருக்கு வயது 28

ஓய்வூதியர் சங்கத்தின் ஆண்டு விழா. அரங்கில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் அறுபதைத் தாண்டியவர்கள். சிறப்பு விருந்தினராக வந்திருப்பவர் கோட்டத்தின் சார் ஆட்சியர்; அவருக்கு வயது 28. சங்கச் செயலாளர் ஒலிவாங்கியைப் பிடிக்கிறார்: "நம்ம சப் கலெக்டர் அம்மாவைப் பாத்தா என் பேத்தி ஞாபகம்தான் வருது. இந்தச் சின்ன வயசுல இவ்வளவு பெரிய பொறுப்பு! பெத்தவங்க செஞ்ச புண்ணியம்." கைதட்டல் எழுகிறது. செயலாளருக்கு மனத்தில் கள்ளமில்லை, பாசம்தான். ஆனாலும் அந்த மூன்று வாக்கியத்தில் அதிகாரி பேத்தியாகிவிட்டார். அவர் உழைத்துப் பெற்ற பதவி பெற்றோர் கணக்கில் சேர்ந்துவிட்டது.

எதைச் சொல்லலாம், எதை விடலாம் என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. அதே நாற்காலியில் 55 வயது அதிகாரி உட்கார்ந்திருந்தால் இந்த வாக்கியத்தைச் சொல்வோமா? அவரைப் பெற்றவர்களின் புண்ணியத்தைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். "வயது குறைவுதான், ஆனாலும் திறமைசாலி" என்பதில் வரும் 'ஆனாலும்' கூட இந்தச் சோதனையில் தேறாது. இளையவரிடம் திறமையை எதிர்பார்க்கவில்லை என்பதை அது சொல்லாமல் சொல்லிவிடுகிறது. மறுபக்கம் சாய்ந்து, "எங்கள் எல்லாருக்கும் இவரே வழிகாட்டி" என்று தூக்கிவைத்தாலும் பயனில்லை. எழுபது வயதுக்காரர் அதை நம்பமாட்டார், விருந்தினரும் நெளிவார்.

வயதைச் சொல்லவே கூடாதா? வயதே சாதனையின் அளவுகோலாக இருக்கும் இடத்தில் சொல்லத்தான் வேண்டும். சென்னையைச் சேர்ந்த குகேஷ், 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று உலகச் சதுரங்க சாம்பியனானபோது அவருக்கு வயது 18. அதற்கு முன் 1985இல் காஸ்பரோவ் தமது 22ஆம் வயதில் அந்தப் பட்டத்தை வென்றிருந்தார். இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்துச் சொன்னால் வயது ஒரு தகவலாக நிற்கும். வியப்பைக் கேட்பவர்களே பட்டுக்கொள்வார்கள். சார் ஆட்சியர் பதவியில் அப்படி எதுவும் இல்லை. குடிமைப் பணித் தேர்வை 21 வயதிலேயே எழுதலாம் என்பதால், முப்பதுக்குள் அந்தப் பொறுப்புக்கு வருவது வழக்கமான ஒன்றுதான்.

அப்படியானால் அறிமுகத்தில் என்ன சொல்வது? அரங்கில் இருப்பவர்களுக்கும் விருந்தினரின் வேலைக்கும் உள்ள தொடர்பைத் தேடிப் பிடிக்க வேண்டும். இங்கே அது வலுவாகவே இருக்கிறது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007இன்படி அமைந்த தீர்ப்பாயத்துக்குத் தமிழ்நாட்டில் கோட்ட அளவில் தலைமை வகிப்பவர் சார் ஆட்சியர் அல்லது கோட்டாட்சியர். கவனித்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையோடு பிள்ளைகளுக்கு வீட்டை எழுதிக் கொடுத்து, பிறகு கைவிடப்பட்டவர்களின் மனு இவரிடம்தான் வருகிறது. அந்தப் பத்திரம் செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரமும் தீர்ப்பாயத்துக்கு உண்டு.

விழாவுக்குச் சில நாள் முன்பே அவரது அலுவலகத்தில் மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்கினால் போதும்: தலைப்பெழுத்தோடு சரியான பெயர், இதற்கு முன் பார்த்த பணி, அன்று பேசப்போகும் பொருள். பிறகு அறிமுகம் இப்படி அமையலாம்:

"நமது கோட்டத்தின் சார் ஆட்சியர் அவர்கள் வந்திருக்கிறார். மூத்த குடிமக்களின் பராமரிப்பு மனுக்களை விசாரிக்கும் தீர்ப்பாயத்தின் தலைவர் இவர்தான். சொத்தை எழுதிக் கொடுக்கும் முன் பத்திரத்தில் எதைக் கவனிக்க வேண்டும், மனுவோடு எந்த ஆவணங்களை இணைக்க வேண்டும் என்பதை இன்று விளக்க இசைந்திருக்கிறார். கேள்விகளைத் துண்டுத்தாளில் எழுதித் தாருங்கள்."

இதனுடன் பெயரும் முந்தைய பணியும் சேர்ந்தாலும் இரண்டு நிமிடத்தைத் தாண்டாது. இதில் வயது இல்லை, 'அம்மா' இல்லை, புகழ்ச்சியும் இல்லை. ஆனால் பின்வரிசையில் இருப்பவரும் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்காருவார்; ஏனென்றால் பேச்சு அவர் வீட்டுப் பத்திரத்தைப் பற்றியது. தமது இளமையைப் பற்றி விருந்தினரே வேடிக்கையாகப் பேசினால் சிரிக்கலாம். அதைப் பிடித்துக்கொண்டு மேடையில் இருப்பவர்கள் தொடரக் கூடாது. தலையில் கைவைத்து ஆசீர்வதிக்க விரும்பும் பெரியவர்கள், மேடையிலிருந்து இறங்கிய பிறகு, அவர் வணங்கினால் ஆசி வழங்கட்டும்.

அறிமுகம் பலித்ததா என்பது அடுத்த சில நிமிடங்களில் தெரிந்துவிடும். விருந்தினர் தம் பேச்சை "நானும் உங்க பேத்தி மாதிரிதான்" என்று தொடங்கினால், கொடுத்த வேடத்தை மரியாதைக்காக ஏற்றுக்கொண்டார் என்று பொருள். அதன்பின் சட்டத்தைப் பற்றிக் கண்டிப்பாக ஒரு வார்த்தை சொல்வதும் அவருக்குச் சங்கடம். கேள்வி நேரத்தில் "சொந்த ஊர் எதும்மா?" என்று கேட்டால் அறிமுகம் தோற்றது. "செட்டில்மென்ட் எழுதி ஆறு வருஷம் ஆச்சு, இப்ப மனு போடலாமா மேடம்?" என்று யாராவது எழுந்தால், செயலாளர் தம் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்.