இரட்டை எதிர்மறை நீக்கம்

இரட்டை எதிர்மறை நீக்கம் என்பது, ஒரு வாக்கியத்தில் ஒன்றையொன்று மறுக்கும் எதிர்மறைச் சொற்களையும், அடுக்கி வரும் ஐயச் சொற்களையும் களைந்து, எழுதியவரின் நிலைப்பாடு நேரடியாக விளங்கும்படி அவ்வாக்கியத்தைத் திருத்தி அமைக்கும் முறையாகும். "இரண்டு எதிர்மறை ஓர் உடன்பாடு" என்பது தமிழில் நெடுங்காலமாக வழங்கிவரும் இலக்கணக் கருத்து. எனினும், எல்லா இடங்களிலும் இரண்டு எதிர்மறைகளையும் அப்படியே நீக்கிவிட முடியாது. சில இடங்களில் அவ்வாறு நீக்கினால் பொருள் மாறிவிடும்.

## தமிழில் எதிர்மறை வரும் இடங்கள்

எதிர்மறையைக் குறிக்க இல்லை, அல்ல, அன்று, மாட்டார், கூடாது, முடியாது, வேண்டாம் முதலிய சொற்கள் தமிழில் தனியே வருகின்றன. செய்யாத, செய்யாமல், செய்யாது முதலிய வடிவங்களில் எதிர்மறை வினைச்சொல்லின் உள்ளேயே அமைகிறது. இவை தவிர, மறு, தவிர், தடு, தவறு போன்ற வினைகள் தோற்றத்தில் உடன்பாடாக இருந்தாலும் பொருளில் எதிர்மறையாக நிற்பவை. "தகவலைத் தர மறுத்தார்" என்பதன் பொருள் "தகவலைத் தரவில்லை" என்பதே. திருத்துபவர் பெரும்பாலும் தவறவிடுவது இந்த மூன்றாவது வகையையே.

## எண்ணிக்கை போதாத இடங்கள்

"கூட்டத்துக்கு வராதவர் இல்லை" என்பதில் இரண்டு எதிர்மறைகள் உள்ளன. இரண்டையும் நீக்கினால் "கூட்டத்துக்கு வந்தவர் உண்டு" என்று ஆகும். ஆனால் முதல் வாக்கியம் எல்லோரும் வந்ததைச் சொல்கிறது. இரண்டாவது சிலராவது வந்ததை மட்டுமே சொல்கிறது. சரியான திருத்தம் "கூட்டத்துக்கு எல்லோரும் வந்தனர்" என்பதாகும்.

இயலுமை, கட்டாயம் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களிலும் இதே சிக்கல் எழுகிறது. "வராமல் இருக்க முடியாது" என்பது "வர முடியும்" என்று ஆகாது. "வந்தே ஆகவேண்டும்" என்று ஆகும். "வராமல் இருக்க வேண்டியதில்லை" என்பதோ "வரலாம்" என்று ஆகும். அதாவது, இத்தகைய சொல்லுக்கு முன்னும் பின்னும் எதிர்மறை இருந்து அவை நீக்கப்படும்போது, "முடியும்" என்பது "வேண்டும்" எனவும், "வேண்டும்" என்பது "-லாம்" எனவும் இடம் மாறுகின்றன.

மூன்றாவதாக, சில சொற்களுக்கு இடைநிலை உண்டு. "அவர் ஏழை அல்லர்" என்பதால் அவர் செல்வர் என்று ஆகிவிடாது. "அத்திட்டம் பயனற்றது அல்ல" என்பதும் "மிகவும் பயனுள்ளது" என்பதும் ஒன்றல்ல. இங்கு எழுதியவர் சொல்ல வந்த அளவை அறிந்து, "ஓரளவு பயனுள்ளது" என்பது போல அந்த அளவையே எழுதவேண்டும்.

## ஒரு சட்ட வாக்கியம்

2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பிரிவு 8(1)-இல் எந்தெந்தத் தகவல்களைத் தர வேண்டியதில்லை என்று பட்டியலிட்டது. அதன் இறுதியில் ஒரு வரம்புரை அமைந்திருந்தது. நாடாளுமன்றத்துக்கோ மாநிலச் சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவல் எந்த ஒருவருக்கும் மறுக்கப்படக் கூடாது என்பது அதன் கருத்தாகும். (இப்பிரிவில் தனிநபர் தகவல் குறித்த உட்பிரிவை மாற்ற 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வகை செய்தது. இங்கு எடுத்துக்கொள்ளப்படுவது 2005-இல் இயற்றப்பட்ட வடிவம்.)

மேலோட்டமாகப் பார்த்தால் இதில் "முடியாத", "கூடாது" என இரண்டு எதிர்மறைகள் தெரிகின்றன. இவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று கழித்தால், "சட்டமன்றத்துக்கு மறுக்க முடிந்த தகவலை எவருக்கும் மறுக்கலாம்" என்ற வாக்கியம் கிடைக்கும். இது பிழை. இவ்விரு எதிர்மறைகளும் வெவ்வேறு தொடர்களைச் சேர்ந்தவை. மேலும், மறுக்கத்தக்க தகவலைப் பற்றி வரம்புரை எதையும் சொல்லவில்லை.

உண்மையில் இங்கு உள்ளவை நான்கு எதிர்மறைகள். "மறு" என்ற வினை இரண்டு முறை வருகிறது. ஒவ்வொரு தொடரையும் தனித்தனியே பிரித்தால் பின்வருமாறு அமையும்:

* "மறுக்க முடியாத" = தராமல் இருக்க முடியாத = தந்தே ஆகவேண்டிய
* "மறுக்கப்படக் கூடாது" = தராமல் இருக்கக் கூடாது = தரப்பட வேண்டும்

எனவே திருத்திய வாக்கியம்: "சட்டமன்றம் கேட்டால் தந்தே ஆகவேண்டிய தகவலை, எவர் கேட்டாலும் தரவேண்டும்." திண்டுக்கல்லில் உள்ள ஒருவர், ஓர் அலுவலரின் அரசுப் பயணச் செலவு குறித்து விண்ணப்பிப்பதாகக் கொள்வோம். இந்த வடிவில் படிக்கும் அவருக்குத் தாம் எழுப்பவேண்டிய கேள்வி உடனே தெரியும்: இதையே சட்டமன்ற உறுப்பினர் அவையில் கேட்டிருந்தால் தந்திருப்பார்களா?

## ஐயச் சொற்கள் கலந்த வாக்கியம்

எனலாம், போலும், கூடும், கருதப்படுகிறது, தோன்றுகிறது ஆகியவை ஐயச் சொற்கள். இவற்றைக் களையும் முறைக்குப் பின்வரும் கற்பனை வாக்கியத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்:

> ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கத்தில் நீர் இல்லாமல் இல்லை என்பதால், திண்டுக்கல் நகருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் குடிநீர் வழங்குவது இயலாததல்ல என்று கருத இடமில்லாமல் இல்லை எனலாம்.

முதலில் எதிர்மறைகளை அவை சேரும் தொடருக்குள்ளேயே இணைகளாகப் பிரிக்கவேண்டும். "இல்லாமல் இல்லை" என்பது "சிறிது உள்ளது" என்றும், "இயலாததல்ல" என்பது "இயலும்" என்றும், "இடமில்லாமல் இல்லை" என்பது "இடமுண்டு" என்றும் ஆகும்.

அடுத்து ஐயச் சொற்களைப் பார்க்கவேண்டும். "கருத இடமுண்டு", "எனலாம்" ஆகிய இரண்டும் ஒரே ஐயத்தைச் சொல்வதால் ஒன்று போதும். அப்போது கிடைப்பது:

> ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கத்தில் சிறிது நீர் உள்ளது. எனவே திண்டுக்கல் நகருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் குடிநீர் வழங்க முடியும் என்று கருதலாம்.

இவ்வாறு எழுதிய பிறகே முதல் வாக்கியத்தில் மறைந்திருந்த குறை வெளிப்படுகிறது. சிறிதளவு நீர் இருப்பது, தொடர்ந்து குடிநீர் வழங்கப் போதுமான காரணம் ஆகாது. எழுதியவரின் உண்மையான ஐயம் நீரின் அளவைப் பற்றியதாயின், அதை அவ்விடத்திலேயே வைக்கவேண்டும்: "இருக்கும் நீர் எத்தனை நாளுக்குப் போதும் என்பது கணக்கிடப்படவில்லை." இந்த ஐயத்தையும் நீக்கி "வழங்க முடியும்" என்று மட்டும் எழுதினால், வாக்கியம் தெளிவாக இருந்தாலும் உண்மையாக இராது.

## சரிபார்த்தல்

திருத்திய வாக்கியத்தையும் மூல வாக்கியத்தையும் ஒரே நிகழ்ச்சியில் பொருத்திப் பார்க்கவேண்டும். ஒன்று உண்மையாகவும் மற்றது பொய்யாகவும் ஆகக்கூடிய நிகழ்ச்சி ஒன்றாவது கிடைத்தால் திருத்தம் தவறு. மேலே கண்ட கூட்டத்துக்கு பத்துப் பேரில் ஒருவர் மட்டும் வந்தார் என்று கொண்டால், "வந்தவர் உண்டு" என்பது உண்மை. "வராதவர் இல்லை" என்பது பொய். இரண்டும் ஒன்றல்ல என்பது இதனால் விளங்கும்.

## கருத்துக்கணிப்பில் ஒரு விளைவு

1992-இல் அமெரிக்காவில் ரோப்பர் நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்பில், நாசிகள் யூதர்களைக் கொன்றொழித்தது நடக்கவே இல்லை என்பது சாத்தியமாகத் தோன்றுகிறதா, சாத்தியமற்றதாகத் தோன்றுகிறதா என்று கேட்கப்பட்டது. அது நடந்தது என உறுதியாக நம்புபவர், "நடக்கவில்லை என்பது சாத்தியமற்றது" என்ற இரட்டை எதிர்மறையைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. 22 விழுக்காட்டினர் "சாத்தியம்" என்று விடையளித்தனர். இம்முடிவு பெரும் அதிர்ச்சியை உண்டாக்கியது. 1994-இல் அதே நிறுவனம், "நடந்தது என்று உறுதியாகக் கருதுகிறீர்களா" என்ற தெரிவை வைத்து மீண்டும் கேட்டபோது, "சாத்தியம்" என்றோர் சுமார் 1 விழுக்காட்டினரே. இரு முடிவுகளுக்கும் இடையிலான வேறுபாட்டுக்குக் காரணம், பெரும்பாலும் வினாவின் சொல்லமைப்பே.

## இவற்றையும் பார்க்கவும்

* எதிர்மறை
* அளவையியல்
* தகவல் அறியும் உரிமைச் சட்டம்